4,500 ரூபாய் அறை, கைக்கு வந்தது 2,699

கேள்வி: ஐயா, கானாடுகாத்தானில் என் மாமனாரின் பூர்வீக வீட்டில் ஒன்பது அறைகளை ஒதுக்கி விடுதி நடத்துகிறேன். காலை உணவு சேர்த்து அறைக்கு 4,500 ரூபாய். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஓர் இணையப் பயண நிறுவனம் வழியாகத்தான் வருகிறார்கள். கமிஷன் 18 சதவீதம். பட்டியலில் மேலே காட்டுவதற்கென்று போன வருடம் இன்னொரு 4 சதவீதம் சேர்ந்துவிட்டது. ஓடு மாற்றுவதற்குக்கூட மிஞ்சவில்லை. 12 சதவீதமாகக் குறைக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? திருத்தித் தருவீர்களா? ஆகஸ்ட் மாத முன்பதிவுச் சீட்டு ஒன்றையும், அறை நாட்காட்டியையும் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, அந்த மின்னஞ்சலை இன்னும் ஒரு வாரம் அனுப்பாமல் வைத்திருங்கள். எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கப்போகிற சென்னை அதிகாரிக்கு 12 என்ற எண்ணுக்குச் சரி சொல்லும் அதிகாரம் அநேகமாக இருக்காது. மதுரை, காரைக்குடி, ராமேஸ்வரம் என்று பல ஊர் விடுதிகளைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கெட் மேனேஜர் அவர். ஓரிரு புள்ளிகளை, ஒரு கால வரம்போடு, காரணம் காட்டி மேலிடத்தில் கேட்டு வாங்கித் தர அவரால் முடியும். 18ஐ 12 ஆக்குங்கள் என்று வந்தால், "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று இரண்டு வரி பதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

அதைவிட எனக்கு உறுத்தியது நீங்கள் இணைத்த சீட்டு. ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஓர் இரவு, இரண்டு பேர். அதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே பாருங்கள்.

உங்கள் விலை 4,500. அந்த நிறுவனத்தின் உறுப்பினர் என்பதால் விருந்தினருக்கு 10 சதவீதத் தள்ளுபடி. விலை 4,050 ஆகிறது. கைப்பேசியில் பதிவு செய்ததால் அதன் மேல் இன்னொரு 10 சதவீதம், 3,645 ஆகிறது. கமிஷன் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. 3,645 ரூபாயில் 22 சதவீதம் 801 ரூபாய் 90 காசு. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 144 ரூபாய் 34 காசு. இரண்டும் போக உங்களுக்கு நின்றது 2,698 ரூபாய் 76 காசு, அதாவது 2,699. அறை வாடகை மீதான 5 சதவீத வரி விருந்தினரிடம் வாங்கி அரசுக்குக் கட்டுவது. அது இந்தக் கணக்கில் சேராது.

சீட்டின் அடியில் இன்னும் இரண்டு சிறிய பிடித்தங்கள் இருக்கின்றன. டிசிஎஸ் என்று அரை சதவீதம், டிடிஎஸ் என்று 0.1 சதவீதம். இரண்டும் சேர்ந்து சுமார் 22 ரூபாய். இவை நிறுவனம் உங்கள் பெயரில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி, செலவு அல்ல. முதலாவது உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் வரவாக வரும், இரண்டாவது வருமான வரியில் கழியும். உங்கள் கணக்கர் இரண்டையும் எடுக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தளத்தில் போய் ஏற்றுக்கொள்ளாமல் டிசிஎஸ் பணத்தை அங்கேயே கிடக்கவிட்ட விடுதிக்காரர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆக, 4,500 ரூபாயில் 1,801 ரூபாய் போய்விட்டது. நூற்றுக்கு நாற்பது. இதில் நீங்கள் சண்டை போட நினைக்கும் 18 சதவீதக் கமிஷன் 656 ரூபாய்தான். உங்கள் பெயரில் நீங்களே கொடுத்த இரண்டு தள்ளுபடிகள் 855 ரூபாய். கமிஷன் என்ற சொல் கண்ணில் குத்துகிறது. தள்ளுபடி நம் கையால் போன பணம் என்பதால் வலிப்பதில்லை.

கைப்பேசித் தள்ளுபடியை நீங்கள் தெரிந்து போட்டீர்களா? பெரும்பாலும் இல்லை. எக்ஸ்ட்ராநெட்டில், அதாவது விடுதிக்காரர் உள்ளே நுழைந்து விலையும் அறையும் மாற்றும் பக்கத்தில், "வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்" என்று ஒரு பெட்டி வந்திருக்கும். யாராவது ஒரு நாள் "சரி" என்று அழுத்தியிருப்பார்கள். சலுகைகள் என்ற பகுதிக்குப் போய் எது எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது எதன் மேல் ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால் இதே செவ்வாய்க்கிழமை அறை 4,050க்கு விற்று, 22 சதவீதக் கமிஷனும் அதன் வரியும் போனபின் 2,999 ரூபாய் நிற்கும். முன்பு 2,699. யாருக்கும் மின்னஞ்சல் எழுதாமல் 300 ரூபாய். அடிப்படைக் கமிஷனை 18லிருந்து 15க்குப் போராடிக் குறைத்திருந்தால்கூட இந்தச் சீட்டில் 129 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். தள்ளுபடி போனால் பதிவு கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் உள்ளூர் வார நாள் விருந்தினருக்கு உறுப்பினர் தள்ளுபடி ஒன்றே போதும்; இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்து, அறைகள் உண்மையிலேயே காலியாகக் கிடந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, அந்த 4 சதவீதம். அது வருடம் முழுக்க வேண்டுமா? டிசம்பர் கடைசி, ஜனவரியில் தஞ்சாவூர் பார்த்துவிட்டு மதுரை போகிற வெளிநாட்டுப் பயணிகள் நடுவில் ஓரிரவு செட்டிநாட்டில் தங்கிவிட்டுப் போகிறார்கள். அந்த நாட்களில் உங்கள் அறை பட்டியலில் மூன்றாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் நிரம்பிவிடும். அப்போதும் மேலே காட்டியதற்குக் கூலி கொடுக்கிறீர்கள். மேலே காட்டும் திட்டத்திலிருந்து சில மாதங்கள் விலகி இருக்கப் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன; எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விலகுங்கள். வெயில் ஏறியபின் அறை காலியாகக் கிடக்கும். அப்போது அந்த 4 சதவீதம் உண்மையிலேயே உழைக்கும்.

காலை உணவு பற்றி ஒரு சிறு விஷயம். 4,500 ரூபாயில் உணவும் சேர்ந்திருப்பதால் உங்கள் சமையல்காரம்மா சுட்ட வெள்ளைப் பணியாரத்துக்கும் காரச் சட்டினிக்கும் கூட அந்த நிறுவனம் கமிஷன் எடுக்கிறது. உணவில்லாமல் 3,900 என்று இன்னொரு விலையும் வையுங்கள். உணவு வேண்டுபவர்கள் வந்தபின் உங்களிடமே சொல்லட்டும். பழைய விலையை எடுத்துவிடாதீர்கள், வெளிநாட்டுக்காரர்கள் "காலை உணவு உண்டு" என்று தேர்ந்துதான் தேடுவார்கள்.

இதெல்லாம் செய்தபின் மிச்சம் இருப்பது அடிப்படைக் கமிஷன். அதைக் கேட்க வேண்டியதுதான். கேட்பதற்கு உங்களிடம் இப்போது ஒரு புதிய, உறுதியான காரணமும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியம்.

2025 செப்டம்பர் 22க்கு முன்பு 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. நாம் கட்டிய வரிகளை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளவும் முடிந்தது. கமிஷன் மீதான 18 சதவீத வரி ஒரு கையில் போய் மறு கையில் வந்தது. அன்று முதல் அறை வரி 5 சதவீதமானது, உள்ளீட்டு வரவு போய்விட்டது. விருந்தினருக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 144 ரூபாய் இப்போது முழுக்க உங்கள் செலவு. சீட்டில் 22 என்று அச்சாகியிருந்தாலும் உங்களுக்கு அது 25.96 சதவீதம். நிறுவனம் தன் விகிதத்தை ஏற்றவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் சுமை ஏறிவிட்டது. அந்த வரியை நிறுவனம் தள்ள முடியாது, அது அரசுக்குப் போவது; அதைக் கேட்காதீர்கள். ஆனால் மார்க்கெட் மேனேஜர் மேலிடத்துக்கு எழுதும் குறிப்பில் "வாடிக்கையாளர் வருத்தப்படுகிறார்" என்பதைவிட "வரிமாற்றத்தால் இவருடைய உண்மைச் செலவு இவ்வளவு கூடியிருக்கிறது" என்ற வரி நிற்கும்.

காரணம் மட்டும் போதாது, கொடுக்கவும் ஏதாவது வேண்டும். நீங்கள் இணைத்த நாட்காட்டியைப் பார்த்தால், டிசம்பர் 20க்கு மேல் அவர்கள் பக்கத்தில் உங்கள் விடுதி "அறை இல்லை" என்றே காட்டுகிறது. சென்னை, புதுச்சேரிப் பயண முகவர்கள் முன்பே எடுத்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் காரைக்குடிப் பக்கம் தேடி வந்து அறை கிடைக்காமல் திரும்புகிற ஒவ்வொருவரும் அந்த நிறுவனத்துக்கு இழப்பு. பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கும் அறைகள் எண்ணினால் எண்ணக்கூடிய அளவுதான். ஆகவே ஒன்பதில் இரண்டு அறைகளை அந்தக் காலத்துக்கு அவர்களுக்கென்று நிறுத்துங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்றை முன்யோசனையாகச் சொல்லிவிடுகிறேன்: பூர்வீக வீட்டில் பங்காளிகள் உண்டு, தை மாதத்தில் யார் வீட்டுக் கல்யாணமாவது வந்தால் முகப்பு, வளவு, அறை எல்லாவற்றையும் கேட்பார்கள், நீங்களும் மறுக்க முடியாது. அந்தத் தேதிகளை முன்கூட்டியே விலக்கி எழுதுங்கள். உறுதி கொடுத்துவிட்டு அறையைக் கொடுக்காவிட்டால் விருந்தினருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கும் செலவு உங்கள் தலையில் விழும்.

நிறுவனத்தின் பொது உதவி முகவரிக்கு எழுத வேண்டாம், அந்த அதிகாரியின் பெயருக்கே எழுதுங்கள். தமிழ் தெரிந்தவர் என்றாலும் மேலே அனுப்ப வேண்டியிருக்கும், ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்ளுங்கள். சாரம் இது:

"பொருள்: கானாடுகாத்தான் விடுதி – அடிப்படைக் கமிஷனை 18லிருந்து 15 சதவீதமாக மாற்றும் ஒரு வருட ஒப்பந்தத் திருத்தம் பற்றி

வணக்கம். கடந்த 12 மாதங்களில் உங்கள் வழியாக எங்களுக்கு வந்த அறை இரவுகளின் எண்ணிக்கையும், ரத்தானவையும், விருந்தினர் மதிப்பெண்ணும் கீழே ஒரே அட்டவணையில் உள்ளன. எங்கள் தரப்பில் ரத்து செய்த பதிவு எதுவும் இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் எங்கள் அறைகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதில்லை. ஆகவே 22 சதவீதக் கமிஷன் எங்களுக்கு வரியோடு 25.96 சதவீதச் செலவாகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: நவம்பர் 1 முதல் ஒரு வருடத்துக்கு அடிப்படைக் கமிஷன் 15 சதவீதம்.

இதற்கு ஈடாக, டிசம்பர் 20 முதல் ஜனவரி 18 வரை, இணைப்பில் விலக்கிய தேதிகள் நீங்கலாக, இரண்டு அறைகளை உங்கள் தளத்தில் மூடாமல் வைத்திருப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மேலே காட்டும் திட்டத்தில் தொடர்வோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிலிருந்து விலகுவதையும் இத்துடன் தெரிவிக்கிறோம்.

வரும் 20ஆம் தேதிக்குள் பேச ஒரு நேரம் சொன்னால் நன்று."

இவ்வளவுதான். ரத்துப் பதிவு பற்றிய வரி உண்மையாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரையில் எல்லாம் தெரியும். உங்கள் வரைவில் ஆத்தங்குடிக் கல் தளம் பற்றியும், பர்மா தேக்குத் தூண் பற்றியும், மாமனார் காலத்து வீட்டின் சிரமங்கள் பற்றியும் இருந்த இரண்டு பத்திகளை எடுத்துவிட்டேன். படிக்க எனக்குப் பிடித்திருந்தது. அவை விருந்தினருக்கான விவரப் பக்கத்தில் இருக்க வேண்டியவை, அங்கே போடுங்கள். இப்போது அங்கே "அழகான பாரம்பரிய வீடு" என்று மட்டும்தான் இருக்கிறது.

"இன்னொரு நிறுவனம் 15க்குத் தருகிறது, இல்லையென்றால் விலகிவிடுவோம்" என்ற உங்கள் கடைசி வரியையும் எடுத்துவிட்டேன். இதில் என் கையும் ஒருமுறை சுட்டிருக்கிறது. மதுரையில் ஒரு விடுதியில் மேலாளராக இருந்தபோது இதே வரியை எழுதி, பதில் வராத ஆத்திரத்தில் பத்து நாள் அத்தனை அறைகளையும் அந்தத் தளத்தில் மூடினேன். மறுபடி திறந்தபோது முதல் பக்கத்தில் இருந்த விடுதி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பழைய இடத்துக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. முதலாளி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம். பாதிக்கு மேல் ஒரே வாசல் வழியாக வரும்போது அந்த வாசலை மூடுவேன் என்று சொல்ல முடியாது. முதலில் வேறு வாசல்கள் வேண்டும்.

அதற்கும் ஒரு வார்த்தை. நேரடியாகத் தொலைபேசியில் கூப்பிடுகிறவருக்குக் குறைந்த விலை சொல்லலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். தளத்தில் உள்ள விலையைவிடக் குறைத்து வேறெங்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனை சில ஒப்பந்தங்களில் உண்டு. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இப்படிப்பட்ட நிபந்தனைக்காக ஒரு பெரிய பயணக் குழுமத்துக்கு அபராதம் விதித்து, அதை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கச் சொன்னது. அது அந்தக் குழுமத்துக்கான உத்தரவு. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும். அந்த வரி இருந்தால் விலையில் கை வைக்காதீர்கள். நேரடியாக வருகிறவருக்கு அதே 4,500க்கு மாலைப் பலகாரமோ, செட்டிநாடு ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரும் வண்டியோ சேர்த்துக் கொடுங்கள். 1,801 ரூபாய் போகாத இடத்தில் முந்நூறு ரூபாய் செலவழிப்பது கஷ்டமில்லை.

பதில் எப்படி வரும் என்று சொல்கிறேன். முதலில் தொலைபேசியில் கூப்பிடுவார். "15 கஷ்டம், ஆனால் இந்தப் புதிய திட்டத்தில் சேர்ந்தால் பதிவு கூடும்" என்பார். புதிய திட்டம் என்றால் புதிய தள்ளுபடி என்று அர்த்தம். அந்த அழைப்பிலேயே சரி சொல்லாதீர்கள், 4,500லிருந்து கடைசியில் என்ன நிற்கும் என்று என்னைப் போலவே தாளில் போட்டுப் பாருங்கள். 16 சதவீதம் என்று வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் நடக்காது என்றால், மூன்று இரவுக்கு மேல் தங்கும் பதிவுகளுக்கு மட்டும் 15 கேளுங்கள். அவர்களுக்கு விட்டுக்கொடுக்க அது எளிது. உங்களுக்கும் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை குறையும்.

15 கிடைத்தால் இதே ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை, கைப்பேசித் தள்ளுபடி இல்லாமல், மேலே காட்டும் 4 சதவீதத்தோடு, 3,142 ரூபாய் தரும். 443 ரூபாய் கூட. ஜனவரியில் அந்த 4 சதவீதமும் போய்விடுவதால் 3,333.

வாய்மொழிச் சம்மதத்தை நம்பாதீர்கள். திருத்தத்தை எழுத்தில், தொடங்கும் தேதியோடும் முடியும் தேதியோடும் கேட்டு வாங்குங்கள். முடியும் தேதி வந்ததும் விகிதம் சத்தமில்லாமல் 18க்குத் திரும்பிவிடும், அதற்கு ஒரு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நவம்பர் 1க்கு முன் பதிவான அறைகள், தங்குவது டிசம்பரில் என்றாலும், பெரும்பாலும் பழைய விகிதத்தில்தான் போகும். ஆகவே முதல் மாதக் கணக்கைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நவம்பர் 1க்குப் பிறகு பதிவாகி வரும் முதல் சீட்டைத் திறந்து கமிஷன் வரியைப் பாருங்கள். 18 என்றே இருந்தால், திருத்தக் கடிதத்தை இணைத்து அன்றைக்கே அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். மாதம் முடிந்து கட்டணச் சீட்டு வந்தபின் திருத்த வைப்பது இரண்டு மடங்கு வேலை.